வாங்க அக்கா, பசியாறிட்டீங்களா?

கேள்வி: காப்பார் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஐம்பது வயது அக்கா ஒருவர் வாரத்தில் 3 நாள் காலை 6.45க்கு வந்து வீட்டைச் சுத்தம் செய்கிறார். போன மாதம் என் 8 வயது மகன் வாசலில் நின்று, “மா, கிளீனர் வந்துட்டு, கேட்டைத் திறங்க” என்று கத்தினான். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் வணக்கம் சொல்கிறேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் போய்விடுகிறார். மாமியார் ஒரு கிராணியின் மகள். “இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்கிடுவாங்க” என்கிறார். ஒரு வணக்கத்தால் வீட்டில் என்ன மாறிவிடப் போகிறது? நான் செய்வது சரிதானா?
வாசகி, காப்பார்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நாளைக் காலை வணக்கம் சொன்னவுடன் உங்கள் வாயிலிருந்து அடுத்து என்ன வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். நான் இந்தக் கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “வணக்கம்க்கா, இன்னைக்கு மேல் ரூம் ஃபேனைத் துடைச்சிடுங்க.” அல்லது, “வாங்க வாங்க, சிங்க்ல நேத்துப் பாத்திரம் கிடக்குது.” பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் அவசரத்தில் யாருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் இருபது முப்பது வருடம் பல வீடுகளில் வேலை செய்த ஒருவருடைய காது, வணக்கத்துக்குப் பின்னால் வரும் வேலையைக் கேட்கப் பழகிவிடுகிறது. வணக்கம் அவருக்கு வேலை ஆரம்பிக்கும் மணி மாதிரி. மணி அடித்தால் யாராவது பதில் வணக்கம் சொல்வார்களா? அவர் குனிந்துகொண்டு பின்பக்கம் போவதில் உங்கள் மேல் கோபமோ விலகலோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை எங்கே என்று தேடிப் போகிறார், அவ்வளவுதான்.

அந்தச் சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். உங்கள் சின்னம்மா வீட்டுக்கு வந்தால் வணக்கம் என்றா சொல்வீர்கள்? நம் வீடுகளில் வணக்கம் என்பது பள்ளிக்கூடத்துக்கும் மேடைக்கும் கோயில் கமிட்டித் தலைவருக்கும் உரிய சொல். வீட்டுக்குள் வருகிறவருக்கு நாம் சொல்வது “வாங்க”. காலை நேரமாக இருந்தால் “பசியாறிட்டீங்களா?” தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் அந்த ஒரு சொல் போதும். பிரட்டுக்குப் போய்வந்தவரையும் பால் வெட்டி வந்தவரையும் அப்படித்தான் கேட்டார்கள். நமக்குச் சமமானவரிடம் மட்டுமே அதை அவ்வளவு இயல்பாகக் கேட்போம். வணக்கத்தை விட்டுவிட்டு “வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?” என்று மாற்றிப் பாருங்கள். அவர் “ஆச்சும்மா” என்று சொல்லிவிட்டு நகரப் பார்ப்பார். பசியாறியிருக்க மாட்டார், மரியாதைக்குச் சொல்வார். அதனால் கேட்பதற்கு முன்பே ஒரு கோப்பை மைலோவோ கோப்பியோ கலந்து வைத்திருங்கள். கொடுக்க எதுவும் இல்லாத நாளில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் “வாங்கக்கா” என்பதோடு நிறுத்துவது நல்லது.

அப்புறம், முதல் 5 நிமிடம் வேலைப் பேச்சே வேண்டாம். அன்றைய வேலையை நிச்சயம் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அவர் பையை வைத்து, கை கழுவி, கோப்பியை ஒரு வாய் குடித்த பிறகு சொல்லுங்கள். அந்த இடைவெளிதான் நீங்கள் தேடும் மாற்றத்தைக் கொண்டுவரும். வரவேற்பு வேறு, வேலை வேறு என்பது அவருக்கு அங்கே புரியும். 6.45க்கு உங்களுக்கு 5 நிமிடம் கிடைக்காது என்றால், அன்றைய வேலைகளை முதல் நாள் இரவே மாமியாரிடம் பேசி வைத்துவிடுங்கள். காலையில் உங்கள் வாய் வரவேற்புக்கு மட்டும் இருக்கட்டும்.

வரவேற்பு சொல்லில் தொடங்குவதும் இல்லை, கேட்டில் தொடங்குகிறது. தாமான் வீடுகளில் முன்னால் இரும்புக் கேட், அதற்கு உள்ளே கிரில், இரண்டிலும் பூட்டு. மோட்டாரை நிறுத்திவிட்டு அவர் வெளியே எவ்வளவு நேரம் நிற்கிறார்? விருந்தாளி வருகிறார் என்றால் சாவியோடு முன்கூட்டியே வாசலில் நிற்போம். வேலைக்கு வருகிறவர் என்றால், “இருக்கட்டும், நிக்கட்டும்” என்று முடியை வாரிக்கொண்டு இருப்போம். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க அவர் நடுத்தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்பார். இதை அவர் ஒருநாளும் உங்களிடம் குறையாகச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த 3 நிமிடத்தில் உள்ளே போகும் முகத்தைத் தயார் செய்துகொள்வார். நீங்கள் பார்க்கும் குனிந்த தலை, பாதி அங்கே தயாரானது.

இந்த விஷயத்தில் நான் வெளியாள் இல்லை. என் அம்மா தோட்டத்தில் டிரெஸ்ஸர் வீட்டிலும் இன்னொரு ஸ்டாஃப் வீட்டிலும் பாத்திரம் கழுவி, துணி துவைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்த இன்னொரு வீட்டில் அம்மாவைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ யாரும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்கார அம்மா இடுப்பில் செருகிய சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்குவார். எங்கே இருந்தாலும் ஓடிவர வேண்டும். எத்தனையோ வருடம் கழித்து எங்கள் சொந்த வீட்டில் நான் கார் சாவியைத் தேடிக் கையில் எடுத்தேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். வந்து நின்ற பிறகுதான் அவருக்கே தெரிந்தது. டிரெஸ்ஸர் வீட்டைப் பற்றிப் பேசினால் அம்மா வேறு ஆளாகிவிடுவார். அங்கே சம்பளம் ஒன்றும் அதிகம் இல்லை. ஆனால் அந்த அம்மா பின்வாசல் படிக்கு வந்து, “வாம்மா, மழையில நனைஞ்சிட்டியா?” என்பாராம். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாள் வரைக்கும் என் அம்மாவுக்குக் கடைசிவரை மறக்கவில்லை.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1950களில் இதைக் குறித்து எழுதினார். ஒரே இடத்தில் இருந்தும், அங்கே இல்லாதவர் போல நடத்தப்படுகிறவர் உண்டு, அதற்குப் பழைய உதாரணம் வேலைக்காரர் என்றார். அவர் எதிரில் கணவன் மனைவி சண்டை போடுவார்கள், சம்பளக் கணக்கு பேசுவார்கள், சொந்தக்காரர்களைத் திட்டுவார்கள், அவர் காது கேளாதவர் என்பது போல. காலையில் “வாங்கக்கா” சொல்லிவிட்டு 7 மணிக்கு அவர் மாப்பு போட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்களும் கணவரும் அவர் தலைக்கு மேலே காரசாரமாகப் பேசினால், சொன்ன வரவேற்பைத் திரும்ப எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும். பேச்சை நிறுத்துங்கள், இல்லையென்றால் “ஒரு நிமிஷம்க்கா” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பேசுங்கள். அந்த ஒரு நிமிஷம்க்காவும் ஒரு வரவேற்புதான். நீங்கள் இங்கே இருப்பது எனக்குத் தெரியும் என்று அது சொல்கிறது.

இப்போது கொஞ்சம் சங்கடமான ஒன்றைக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவருக்கு எந்தக் கோப்பையில் கோப்பி கொடுக்கிறீர்கள்? பல வீடுகளில் சிங்க்குக்குக் கீழே, சோப்புத்தூள் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் கோப்பையோ விளிம்பு உடைந்த ஒன்றோ தனியாக இருக்கும். “அது அவங்களோடது” என்பார்கள். யார் அதை அங்கே வைத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சுத்தத்துக்காக என்பார்கள், ஆனால் அதே வீட்டில் குழாய் சரிசெய்ய வரும் ஆளுக்கு நல்ல கோப்பையில் கோப்பி வரும். தனிக் கோப்பை எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலேறி வந்த நம் முன்னோர்கள் அதையும் சேர்த்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். உங்கள் அக்காவுக்கு அது உங்களைவிட நன்றாகத் தெரியும். கேட்டில் என்ன சொன்னாலும், அவர் நம்புவது கையில் வரும் கோப்பையைத்தான். எல்லோரும் குடிக்கும் கோப்பையில் கொடுங்கள், குடித்த பிறகு அது மற்றக் கோப்பைகளோடு ஒரே அலமாரிக்குப் போகட்டும். இதைச் செய்ய முடியாத வீட்டில் வரவேற்பை மட்டும் அழகாக்குவதால் பயன் இல்லை. ஒரு நாள் அவர் அந்த வித்தியாசத்தைப் பார்ப்பார், பார்த்த பிறகு உங்கள் இனிய குரல் அவருக்கு இன்னும் கசக்கும்.

உட்காரச் சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சொல்லலாம், ஆனால் வற்புறுத்த வேண்டாம். ஹாலில் சோபாவில் பிடித்து உட்கார வைத்தால் பாதி இருப்பில் ஒட்டிக்கொண்டு, கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். அவருக்கு அது தண்டனை. அடுப்பங்கரை மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, நீங்களும் பையனுக்கு ரொட்டியில் காயா தடவிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். சில வாரம் நின்றுகொண்டே குடித்தாலும் குடிக்கட்டும்.

இது வீட்டுக்குள் என்ன செய்யும் என்று கேட்டீர்கள். ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவன் மனைவி இருவரும் கடை நடத்துகிறவர்கள், இரண்டு பிள்ளைகள். “எங்க வீட்ல யாரும் யாரோடவும் பேசுறதில்லை” என்று என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்கள். காலை 6.30 முதல் 7.30 வரை வீட்டில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எழுதிவந்த தாளைப் பார்த்ததும் அந்தப் பெண்ணே அழுதுவிட்டார். ஒவ்வொருவரும் மற்றவரிடம் சொன்ன முதல் வார்த்தை ஏதாவது ஒரு கட்டளை. “ஷூ எங்கே.” “லைட்டை அணை.” “பில் கட்டியாச்சா.” வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் சொன்னதும் அதே மாதிரி. அவருக்குச் சொன்னதற்கும் மனைவிக்குச் சொன்னதற்கும் தொனியில் வித்தியாசமே இல்லை.

நான் ஒரே ஒரு விதிதான் வைத்தேன். அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகிற யாரிடமும், அறைக் கதவைத் திறந்து வெளியே வருகிற யாரிடமும், முதலில் சொல்வது வேலையாக இருக்கக் கூடாது. அதையும் முதலில் வேலைக்கு வரும் அம்மாவிடம் பழகச் சொன்னேன். காரணம் உண்டு. கணவன் மனைவிக்குள் பழைய கணக்கு நிறைய இருக்கும். ஒருவர் திடீரென்று இனிமையாகப் பேசினால் மற்றவர் சந்தேகப்படுவார். “என்ன வேணும் இப்போ?” என்பார். வேலைக்கு வருகிறவரிடம் அந்தக் கணக்கு இல்லை. அங்கே நாக்கு பழகிவிட்டால் பிறகு மற்ற இடத்துக்கும் தானாக வரும்.

முதல் 2 வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அந்த அம்மா தானாக ஒரு விஷயம் சொன்னார். மாடியில் சாமி படத்துக் கண்ணாடி தான் துடைக்கும்போது விரிசல் விட்டது, 4 மாதமாகச் சொல்லவில்லை என்றார். கணவர் எனக்குப் போன் செய்து கோபப்பட்டார். எனக்கோ சந்தோஷமாக இருந்தது. வரவேற்பு வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது. கெட்ட செய்தி சீக்கிரம் வரும். உடைந்தது தெரியவரும். “நாளைக்கு வர முடியாதும்மா” என்பது முதல் நாளே வரும், காலை 7 மணிக்குப் போன் எடுக்காமல் இருப்பது குறையும். முகமலர்ச்சியைப் பார்த்து ஏமாற வேண்டாம், பயத்திலும் சிரிப்பார்கள்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, அந்த வீட்டுச் சின்ன மகள் கடையிலிருந்து இரவு வந்த அப்பாவிடம், கதவைத் திறந்ததும் “வாங்கப்பா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் அம்மா வாசலில் சொல்வதைக் கேட்டிருந்தாள், அதை இரவு வாசலுக்கும் எடுத்துக்கொண்டாள். என்னிடம் இதைச் சொன்னபோது அப்பாவால் சொல்லி முடிக்க முடியவில்லை.

அதே வீட்டில் ஒரு சிக்கலும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மா 20 நிமிடம் தாமதமாக வர ஆரம்பித்தார். இப்போது பழக்கமாகிவிட்டதே, எப்படிக் கேட்பது என்று இருவரும் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் புகைந்தார்கள். பிறகு ஒருநாள் கேட்டிலேயே வெடித்துவிட்டது. உங்கள் மாமியார் பயப்படுவது இதைத்தான், அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தப்பு வரவேற்பில் இல்லை. சமமானவரிடம் குறையைச் சொல்லத் தெரியாததுதான் தப்பு. மேலே இருந்து திட்டத் தெரியும், இல்லையென்றால் ஒன்றுமே சொல்லத் தெரியாது. அவர் வந்து கோப்பி குடித்த பிறகு, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், அதே “நீங்க”வோடு, “அக்கா, 6.45க்கு நீங்க வந்தாதான் நான் 7.15க்குக் கிளம்ப முடியும். இந்த வாரம் ரெண்டு நாள் லேட் ஆயிடுச்சு. வேற நேரம் வசதியா?” என்று கேட்கலாம். அந்த வீட்டில் அப்படிக் கேட்டபோதுதான், மகளுடைய பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிறார் என்று தெரிந்தது. இருவருக்கும் வசதியான வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றி. கிராணியின் மகள் என்று நீங்கள் எழுதிய ஒரு சொல்லில் பாதிக் கதை இருக்கிறது. நீங்கள் இருக்கும் காப்பாரும் நான் இருக்கும் கிள்ளானும் 1941இல் பெரிய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்த வட்டாரம். ஆர். எச். நாதன் அதை முன்னின்று நடத்தினார், பிறகு கைது செய்து நாடு கடத்தினார்கள். கூலி உயர்வு, சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, நல்ல மருத்துவம், பள்ளி, கள்ளுக்கடையை மூடுவது என்று பல கோரிக்கைகள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரை எதிரிலும் ஸ்டாஃப் எதிரிலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும். வயிற்றுக்குப் போதாத காலத்தில், சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையையும் கூலியோடு சேர்த்துக் கேட்டார்கள். எதிரே வருகிறவரை யார் எப்படி வரவேற்பது என்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

உங்கள் மாமியார் அந்த வழக்கம் முழுதாக மறையாத தோட்டத்தில், இறங்கி நின்றவர்களை ஸ்டாஃப் வீட்டு வாசலிலிருந்து பார்த்து வளர்ந்திருப்பார். கீழே இருப்பவர்தான் முதலில் வணங்க வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராமல் வந்த பாடம். மருமகள் முதலில் “வாங்க” சொல்லும்போது ஏதோ தலைகீழாகப் போவதாக அவருக்குப் படுகிறது. அவரோடு வாதாட வேண்டாம். முக்கியமாக, அக்கா எதிரில் மாமியாரைத் திருத்தவே வேண்டாம். ஒருவரை உயர்த்த இன்னொருவரை இறக்கினால், அந்தக் கோபத்தைப் பகல் முழுக்க வீட்டில் தனியாகத் தாங்கப் போவது அக்காதான். ஒரு சாயங்காலம் அவரிடம் அவருடைய தோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் அம்மா வீட்டில் யார் வேலைக்கு வந்தார்கள், அவரைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தது யார் என்று கேளுங்கள். ஸ்டாஃப் வீட்டுப் பிள்ளைகளில் பலரைத் தூக்கி வைத்துக்கொண்டது ஒரு தோட்டத்து ஆயாதான். அந்தப் பெயர் வாயில் வந்தால் பெரும்பாலும் பேச்சு தானே இளகும். இளகவில்லை என்றாலும் பரவாயில்லை. அவர் “வாங்க” சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்டைத் திறப்பதும் கோப்பியும் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும்.

மகனை அவரிடம் கொண்டுபோய் நிறுத்தி “வணக்கம் சொல்லு” என்று அதட்டாதீர்கள். அது இருவருக்கும் வேதனை. முதலில் அவர் யார் என்று அவனுக்குச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை பேரப்பிள்ளைகள், அவன் கட்டிலுக்கு அடியில் தொலைத்த கலர் பென்சிலை எடுத்து வைத்தது யார் என்றெல்லாம். அப்புறம் அவரிடமே கேளுங்கள், “உங்களை இவன் எப்படிக் கூப்பிடலாம்க்கா?” ஆண்டி என்பாரோ பாட்டி என்பாரோ, அவர் சொல்வதே முறை. நீங்களாக ஒரு முறையை ஒட்ட வேண்டாம். பிறகு ஒரு வேலையை மகனுக்குக் கொடுங்கள். 6.45க்குக் கேட் பூட்டைத் திறப்பது அவன் பொறுப்பு. அவன் அதே வாசலில்தான் கிளீனர் என்று கத்தினான். திறக்கும்போது கூப்பிட ஒரு முறைப்பெயர் கையில் இருந்தால் அந்தச் சொல் தானாக விழுந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. முறை சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த வீடுகளில் அடுத்து வருவது, “நீங்க எங்க குடும்பத்துல ஒருத்தர் மாதிரி.” கேட்க இனிமையாக இருக்கும். அதன் பிறகு, “அக்கா, தீபாவளிக்கு என் தங்கச்சி வீட்டையும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்களேன்” என்று வரும், அதற்குக் காசு வராது. குடும்பத்தில் ஒருத்தரால் முடியாது என்று சொல்ல முடியாதல்லவா? அவர் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறார். சட்டம்கூட இப்போதுதான் அதைச் சரியாகச் சொல்கிறது. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் இத்தனை காலம் இருந்த வீட்டு வேலைக்காரர் என்ற பொருள் தரும் சொல்லை எடுத்துவிட்டு, 2023 ஜனவரி 1 முதல் வீட்டுப் பணியாளர் என்று மாற்றினார்கள். 2021 ஜூன் முதல் வீட்டுப் பணியாளர்களுக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. பல வீடுகளுக்கு மணிக்கணக்கில் போகிறவர் என்றால் அவர் விஷயத்தில் எப்படி என்று கிள்ளான் சொக்சோ அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது. அதனால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பது முழுக்க உங்கள் மனசாட்சியில் நிற்கிறது. கூடுதல் வேலை கேட்டால் கூடுதல் பணத்தையும் அதே வாக்கியத்தில் சொல்லுங்கள், “முடியலன்னா பரவாயில்லக்கா” என்பதையும் சேர்த்து.

இன்னொன்று, அவர் வீட்டுக்காரர் குடிக்கிறாரா, மகன் வேலைக்குப் போகிறானா என்று தினமும் துருவிக் கேட்பது வரவேற்பு ஆகாது. அவர் உங்கள் வீட்டுக் கதையைக் கேட்க முடியாது, நீங்கள் மட்டும் அவர் கதையைக் கேட்கலாம் என்றால் அங்கே சமம் எங்கே இருக்கிறது? “நேத்து மழையில எப்படிப் போனீங்க?” என்று கேளுங்கள். சொல்ல நினைப்பதை அவரே சொல்வார். உங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்றைச் சொல்லுங்கள், பையனுக்கு இரவெல்லாம் காய்ச்சல், நான் தூங்கவில்லை என்று. உங்களுக்கும் தூக்கம் கெடும் என்பது அவருக்குத் தெரிய வேண்டாமா?

சம்பள நாளில் பணத்தை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு, “அங்க இருக்கு, எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பாதீர்கள். ஒரு கவரில் போட்டு, சொன்ன தேதியில், கையில் கொடுங்கள். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணுவது உங்கள் மேல் அவநம்பிக்கை என்று அவர் தயங்குவார், “நான் தப்பா எண்ணியிருந்தா நீங்கதான் சொல்லணும்” என்றால் எண்ணுவார்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். அவர் பதில் வணக்கம் சொன்னாரா என்று எழுத வேண்டாம். உடைந்தது எதையாவது தானாக வந்து சொன்னாரா, மகன் அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறான், சிங்க்குக்குக் கீழே அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறதா என்று எழுதுங்கள்.